நேர்காணல் முடிந்த கையோடு மூன்று வரி நன்றிக் குறிப்பு: எதை எழுதுவது?

பாம்பன்காரி

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு மதியம் ராமநாதபுரத்தில் ஒரு நேர்காணல் முடித்துவிட்டு வந்தேன். கடல்பாசி வாங்கிப் பதப்படுத்தும் ஒரு தனியார் நிறுவனம், களமேற்பார்வையாளர் வேலை. தங்கச்சிமடத்திலிருந்து சம்பை வரைக்கும் வடகடல் கரையில் மூங்கில் மிதவையில் கயிறு கட்டிப் பாசி வளர்க்கிற பெண்கள் குழுக்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். களமேலாளர் ஒருவர், தரம் பார்ப்பவர் ஒருவர், அப்புறம் ஹெச்.ஆர். மேடம்.

கல்லூரியில் கூடப் படித்தவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். நேர்காணல் முடிந்த அன்றைக்கே மூன்று வரியில் நன்றி மெயில் போடணும், அதில் பேசின ஒரு விஷயத்தை மறுபடி நினைவுபடுத்தணும் என்கிறாள். எழுதிப் பார்த்தேன், மூன்று வரியில் நிற்கவில்லை. இதுதான் நான் எழுதியது:

> மதிப்பிற்குரிய ஐயா, இன்று என்னை நேர்காணலுக்கு அழைத்து வாய்ப்பளித்தமைக்கு மனமார்ந்த நன்றி. தங்கள் நிறுவனத்தில் பணியாற்றுவது எனது நீண்ட நாள் விருப்பம். நான் விலங்கியல் பட்டதாரி. இருசக்கர வாகனம் ஓட்டுவேன். கணினி தெரியும். என் தாயார் பாசிக் குழுவில் உள்ளார். ஈரப் பாசி, மணல் கலந்த பாசி வந்தால் எப்படிச் சமாளிப்பது என்றும், கோடையில் விதைப் பாசியைக் காப்பது பற்றியும் கூறினேன். கடினமாக உழைப்பேன். நல்ல பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.

இதில் எதை வைக்கணும், எதை எடுக்கணும்? இன்னொன்று. களமேலாளர் மெயில் ஐடி என்னிடம் இல்லை. அழைப்பு வந்தது ஹெச்.ஆர். மேடத்திடமிருந்து. எங்கள் மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் களமேலாளர் செல் நம்பரே வாங்கித் தருகிறேன் என்கிறார்.

தொண்டிக்கரை

தங்கச்சி, தாமதிக்காதீங்க. வாசலை விட்டு வெளியே வந்ததுமே பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அனுப்பியிருக்கணும். அவங்க ஒரு நாளில் பத்துப் பதினைந்து பேரைப் பார்ப்பாங்க, யார் என்ன சொன்னாங்கன்னு சாயங்காலம் மறந்துபோகும். அதனால நீங்க எழுதியிருக்கிறதை அப்படியே விடுங்க, இன்னும் ரெண்டு வரி சேர்த்தாலும் தப்பில்லை. சொன்ன எல்லாத்தையும் நினைவுபடுத்துறதுக்குத்தானே இந்தக் கடிதம்.

கீழக்கரை வாசி

வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள் தங்கச்சி. நான் துபாய்க்குப் போனபோது ஆஃபர் லெட்டர் வந்ததும் ஏஜென்டுக்கு ஒரு பெட்டி ஸ்வீட் வாங்கிக்கொடுத்தேன், கம்பெனிக்குத் தனியாக மெயில் போட்டேன். சேரும் தேதியை அதில் மறக்காமல் எழுதுங்கள். விசா ஸ்டாம்பிங் எப்போது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பன்காரி

இன்னும் கிடைக்கவில்லை அண்ணே. நேர்காணல்தான் முடிந்திருக்கிறது. வேலையும் இங்கேதான், வெளிநாடு இல்லை.

முகவை மூத்தவர்

இந்தக் கரையில் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் ரொம்ப வருஷம் ஆள் எடுக்கிற பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். இப்போது ஓய்வு. தொண்டிக்கரைத் தம்பி சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சீக்கிரம் அனுப்பணும் என்பது சரி. காரணமும் அவர் சொன்னதுதான் ஏறக்குறைய. எங்கள் வழக்கம் என்னவென்றால், ஒவ்வொருத்தரும் எழுந்துபோனதும் தாளில் மதிப்பெண் போடுவோம், கடைசி ஆள் போனதும் மூன்று பேரும் தாளை நடுவில் வைத்துப் பேசுவோம். அன்றைக்குச் சாயங்காலமோ மறுநாள் காலையோ அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதற்குள் வருகிற குறிப்பு கண்ணில் படும். நாலு நாள் கழித்து வருவது மரியாதைக் கடிதமாக ஃபைலில் போகும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் எழுது என்பது தவறு. எல்லாம் ஏற்கெனவே பயோடேட்டாவில் இருக்கிறது. பத்து விஷயம் எழுதினால் படிக்கிறவர் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார். ஒன்றை மட்டும் எழுதினால், "ஆமாம், அந்த விதைப் பாசி பற்றிப் பேசிய பொண்ணு" என்று முகம் ஞாபகம் வரும்.

அந்த ஒன்று எது என்பதை நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பார்கள். நேர்காணலில் எந்த இடத்தில் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னதும் அதன்மேலேயே இன்னொரு கேள்வி வந்தது? எந்த இடத்தில் அவர் பேனாவை எடுத்தார்? அதை யோசித்துச் சொல்லுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

செல் நம்பர் விஷயம்: வேண்டாம். மாமா நல்ல எண்ணத்தில் சொல்கிறார், ஆனால் நம் பக்கத்தில் ஆள் வழியாக நம்பர் வாங்கி மெசேஜ் போட்டால் அது நன்றி என்று படாது, சிபாரிசு என்றுதான் படும். அவர் கொடுக்காத நம்பரில் போய் நிற்காதீர்கள். அழைப்பு வந்த மெயிலுக்கே ரிப்ளை போடுங்கள். உங்கள் விண்ணப்ப எண், நேர்காணல் தேதி எல்லாம் கீழே தானாக இருக்கும், ஹெச்.ஆர். மேடம் தேட வேண்டியதில்லை.

ஏர்வாடி உப்புக்காத்து

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இது ஐ.டி. கம்பெனிக்காரங்க பழக்கம். நம்ம ஊரில் நேர்காணல் முடிந்து கும்பிட்டு எழுந்து வந்தால் அதோடு மரியாதை முடிந்தது. அப்புறம் கடிதம் போட்டால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். என் மச்சான் ஒரு ஐஸ் பேக்டரியில் மேனேஜர். இப்படி ஒருத்தர் மெசேஜ் போட்டார், "இவனுக்கு ரொம்ப அவசரம் போல" என்றுதான் அவர் சொன்னார்.

முகவை மூத்தவர்

ஏர்வாடித் தம்பி, அந்த மெசேஜில் என்ன இருந்தது என்று தெரிந்தால் சொல்லுங்கள். நன்றி மட்டும் இருந்ததா, இல்லை ரிசல்ட் எப்போது என்று கேட்டாரா?

ஏர்வாடி உப்புக்காத்து

மச்சானிடம் கேட்டேன். "சார் என்னை மறந்துடாதீங்க, குடும்ப நிலைமை சரியில்லை, நல்ல செய்தி சொல்லுங்க" என்று இருந்ததாம்.

முகவை மூத்தவர்

அதுதான். அவர் கேட்டது வேலையை. நன்றிக் குறிப்பில் எதையும் கேட்கக் கூடாது. சம்பளம், ரிசல்ட் தேதி, குடும்ப நிலைமை எதுவும் வரக் கூடாது. அந்தத் தம்பியின் கஷ்டம் உண்மையாகவே இருந்திருக்கும், பாவம். ஆனால் படிக்கிறவரை அது ஒரு பதில் சொல்லியே ஆகவேண்டிய சங்கடத்தில் நிறுத்திவிடுகிறது. பதில் எழுதாமலே மூடிவைக்கிற மாதிரி குறிப்பு இருக்கணும்.

பாம்பன்காரி

அம்மா, நீங்கள் கேட்டதை யோசித்துப் பார்த்தேன். தெளிவாக ஒரு இடம் இருக்கிறது.

களமேலாளர், "வெயில் மாசத்துல விதைப் பாசி செத்துப்போனா குழுவுல அடுத்த சுத்துக்கு என்ன கட்டுவாங்க?" என்று கேட்டார். நான், எல்லா மிதவையையும் அறுத்து விற்றுவிடாமல் பங்குனி வருவதற்கு முன்னாலேயே விதைக்கென்று சில மிதவைகளை ஒதுக்கிவிட வேண்டும், காலையில் போய் நுனி வெளுக்கிறதா என்று பார்த்து வெளுத்ததை வெட்டி எடுக்க வேண்டும் என்றேன். அம்மா குழுவில் அப்படித்தான் செய்கிறார்கள். உடனே அவர், "எத்தனைக்கு எத்தனை ஒதுக்குவ?" என்றார். நாலுக்கு ஒன்று, வெயிலில் அதற்கு மேலேயும் வேண்டும் என்றேன். அப்போதுதான் எழுதினார்.

தரம் பார்ப்பவர் ஈரப் பாசி பற்றிக் கேட்டார், பதில் சொன்னேன், தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஹெச்.ஆர். மேடம் வண்டி ஓட்டத் தெரியுமா, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்பதோடு சரி.

முகவை மூத்தவர்

கிடைத்துவிட்டது. விதைப் பாசிதான். வண்டி, கணினி, விலங்கியல், ஈரப் பாசி எல்லாம் வெளியே.

உச்சிப்புளி பாசிக்காரர்

நான் பாசி கட்டுகிறவன், அதனால் வேறு கோணத்தில் ஒன்று கேட்கிறேன். நாலுக்கு ஒன்று என்றது எந்தக் கணக்கில்? மெயிலில் எண் போட்டால் அது சரியாக இருக்க வேண்டும், பார்க்கிறவர் களத்து ஆள்.

பாம்பன்காரி

எங்கள் மிதவை பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில். இருபது கயிறு, கயிற்றுக்கு மூன்று கிலோ, ஆக 60 கிலோ விதை. 45 நாளில் நல்ல பருவமாக இருந்தால் 240 கிலோவுக்குக் குறையாமல் வரும். அப்படியென்றால் ஒரு மிதவையில் அறுத்ததை வைத்து நாலு மிதவை கட்டலாம். அதனால்தான் நாலுக்கு ஒன்று என்றேன்.

உச்சிப்புளி பாசிக்காரர்

கணக்கு சரி. மாசி வரைக்கும் அது நிற்கும். வெயில் ஏறி, தண்ணி முப்பது டிகிரியைத் தாண்டிக் கொதித்தால் நாலு மடங்காவது ஒன்றாவது. சில இடத்தில் கட்டினது கட்டினபடியே நிற்கும், சில இடத்தில் வெளுத்துக் கரைந்து கயிறு மட்டும் மிஞ்சும். 2013, 2014 வாக்கில் நம்ம கரை முழுக்கப் பாசி அழிந்ததை உங்கள் அம்மா சொல்லியிருப்பார். பல குழு அதோடு விட்டுவிட்டுப் போனது. அந்த மேலாளருக்கும் அந்த ஞாபகம் இருக்கும், அதனால்தான் துருவிக் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். கோடைக்கு இத்தனைக்கு இத்தனை என்று ஒரு எண்ணை எழுதிவிடாதீர்கள், அது யாராலும் சொல்ல முடியாது.

முகவை மூத்தவர்

ரொம்ப நல்ல எச்சரிக்கை. பேசும்போது "அதற்கு மேலேயும் வேண்டும்" என்று சொன்னது போதும், எழுத்தில் புது எண் கொடுக்க வேண்டாம். குறிப்பில் வருவது நேர்காணலில் சொன்ன விஷயமாக இருக்கணும், அதை ஒரு அடி மட்டும் முன்னால் கொண்டுபோகலாம். ஒரேயடியாகப் புதிதாக ஏதாவது சொன்னால், "இதை ஏன் அங்கே சொல்லவில்லை" என்று தோன்றும். சொன்னதைத் திருத்தினால் அவர் எழுதிவைத்ததிலேயே சந்தேகம் வந்துவிடும். சொன்னதையே திரும்பச் சொன்னால் படிக்கப் பிரயோசனமில்லை.

அந்த ஒரு அடி என்ன என்று யோசியுங்கள். வெயிலில் எத்தனை மிதவை வேண்டும் என்று முன்கூட்டித் தெரியாது என்கிறார் பாசிக்காரர். சரி, வளர்ச்சி குறைகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? மேற்பார்வையாளர் செய்யக்கூடிய வேலையாக ஏதாவது இருக்கிறதா?

பாம்பன்காரி

மிதவை முழுவதையும் தூக்கி எடை போட முடியாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு கயிறை மட்டும் அடையாளத் துணி கட்டி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து எடை பார்த்து உடனே மறுபடி கட்டலாம். மூன்று கிலோவில் ஆரம்பித்தது எத்தனை கிலோ ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால், வெளுப்பதற்கு முன்னாலேயே வளர்ச்சி நின்றுபோவது தெரிந்துவிடும். அம்மா குழுவில் நோட்டு கிடையாது, கைத்தூக்கலிலேயே சொல்லிவிடுவார்கள். நான் எழுதி வைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

உச்சிப்புளி பாசிக்காரர்

எடை பார்க்கும்போது வெயில் படாமல் காலையிலேயே, தண்ணி வடிய ஒரே மாதிரி நேரம் கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் சொட்டச் சொட்ட, இன்னொரு வாரம் வடியவிட்டு எடை போட்டால் நோட்டே பொய் சொல்லும். ஆனால் யோசனை நல்லது. செய்யக்கூடியதுதான்.

முகவை மூத்தவர்

அதுதான் உங்கள் இரண்டாவது வரி. எழுதுங்கள்.

பாம்பன்காரி

இப்படி எழுதினேன்:

> வணக்கம் சார். இன்று மதியம் களமேற்பார்வையாளர் நேர்காணலில், கோடையில் விதைப் பாசியைக் காப்பது பற்றி என்னிடம் விரிவாகப் பேசியதற்கு நன்றி.
>
> நாலு மிதவைக்கு ஒன்றை விதைக்கு ஒதுக்கலாம் என்று சொன்னேன். அந்த மிதவையில் ஒரு கயிறை அடையாளம் வைத்து வாரந்தோறும் எடை எழுதிவந்தால், வெயிலில் வளர்ச்சி குறைவது முன்பே தெரியும், கூடுதலாக எத்தனை ஒதுக்குவது என்று குழுவோடு அப்போதே முடிவு செய்யலாம்.
>
> வேறு விவரம் ஏதும் தேவைப்பட்டால் இந்த மெயிலிலும் விண்ணப்பத்தில் உள்ள எண்ணிலும் கிடைப்பேன்.

தொண்டிக்கரை

அட, இப்போ பார்க்கும்போது முதலில் எழுதினதை விட இது நல்லாத்தான் இருக்கு. ஆனா படிப்பு, வண்டி எதுவுமே இல்லாம போறது எனக்கு மனசு ஒப்பலை. கடைசியில ஒரு வரி போட்டா என்ன?

முகவை மூத்தவர்

வண்டி ஓட்டுகிற பத்துப் பேர் வந்திருப்பார்கள் தம்பி. ஒரு கயிறை எடை போட்டுக் கோடையைக் கண்டுபிடிக்கலாம் என்று சொன்னவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த வரிக்குப் பக்கத்தில் வண்டியை வைத்தால் இரண்டும் ஒரே எடையாகத் தெரியும்.

பாம்பன்காரி, இரண்டு சின்னத் திருத்தம். முதல் வரியில் விஷயம் வந்துவிட்டது, அது நல்லது. செல்லில் மெயில் வந்தால் மேலே முதல் சில சொற்கள் மட்டும்தான் தெரியும். "வாய்ப்பளித்தமைக்கு மனமார்ந்த நன்றி" என்று ஆரம்பித்தால் திறக்காமலே தள்ளிவிடுவார்கள். "விதைப் பாசி" என்று தெரிந்தால் களமேலாளர் திறப்பார். "இன்று மதியம் விதைப் பாசி பற்றி" என்று இன்னும் முன்னால் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது வரி நீளம். இரண்டாக உடைக்காதீர்கள், சுருக்குங்கள். "குழுவோடு அப்போதே முடிவு செய்யலாம்" என்பதை வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே முடிவெடுப்பேன் என்று சொல்லாதது நல்ல குணம். மேற்பார்வையாளர் வேலைக்கு அது முக்கியம்.

மூன்றாவது வரி அப்படியே இருக்கட்டும்.

மண்டபம் ரயிலடி

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி ஒரு சந்தேகம். மண்டபத்தில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் திட்டப் பணியாளர் வேலைக்கு நேரடி நேர்காணல் வருகிறது. அதற்கும் முடிந்ததும் இப்படி ஒரு குறிப்பு போடலாமா? விஞ்ஞானி மெயில் ஐடி இணையத்திலேயே இருக்கிறது.

தொண்டிக்கரை

தாராளமா போடுங்க. நன்றி சொல்றதுக்கு யாரு தடை?

பரமக்குடி பழைய கிளார்க்

நில்லுங்க. தனியார் கம்பெனியும் அரசு நிறுவனமும் ஒன்றல்ல. நேர்காணல் அறிவிப்பை கடைசி வரி வரைக்கும் படியுங்கள். எந்த வகையிலாவது சிபாரிசோ செல்வாக்கோ தேடினால் விண்ணப்பம் ரத்து என்று வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும். அங்கே சான்றிதழ் சரிபார்த்து, குழு மதிப்பெண் போட்டு, கையெழுத்து வாங்கிப் பட்டியல் தயாராகிவிடும். அதன்பிறகு ஒரு நல்ல மெயிலுக்காக யாரும் மதிப்பெண்ணை மாற்ற முடியாது, மாற்றினால் அவருக்குத்தான் வினை. உங்களுக்கு லாபமில்லை, அவருக்குச் சங்கடம். கும்பிட்டு வெளியே வாருங்கள், போதும்.

மண்டபம் ரயிலடி

வெறும் நன்றி எப்படிச் சிபாரிசாகும்? நான் எதையும் கேட்கவில்லையே.

பரமக்குடி பழைய கிளார்க்

நன்றி மட்டும் என்றால் ஆகாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இந்த இழையில் பேசுவது வெறும் நன்றி இல்லையே, சொன்ன ஒரு விஷயத்தை மறுபடி வலியுறுத்துவது. மதிப்பெண் போடுகிற குழுவிடம் அதை எழுத்தில் செய்வது எந்தப் பக்கம் விழும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சந்தேகம் இருக்கும்போது எழுதாமல் இருப்பதே நல்லது.

முகவை மூத்தவர்

எனக்கு அரசுப் பக்கம் அனுபவம் இல்லை. இதில் அவர் பேச்சைக் கேளுங்கள்.

ராமேஸ்வரம் வரவேற்பாளர்

என் அனுபவத்தையும் சொல்கிறேன். இங்கே ஒரு ஹோட்டலில் முன்வரவேற்பு வேலைக்குப் போனேன். இன்டர்நெட்டில் இருந்த ஒரு நன்றிக் கடிதத்தை எடுத்து, பேட்டி எடுத்த மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன், பெயரை மட்டும் மாற்றி. பதிலே இல்லை. அதில் வேலை பார்த்த ஒரு அக்கா பிறகு சொன்னார்கள், மூன்று பேரும் செல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்ததாம். ஆக மூன்று பேர் இருந்தால் ஒருவருக்கு அனுப்புவதா, மூன்று பேருக்கும் அனுப்புவதா?

முகவை மூத்தவர்

மூன்று பேரிடமும் தனித்தனியாகப் பேசியிருந்தால் மூன்று பேருக்கும் வேறு வேறு விஷயம் எழுதலாம். ஒரே அறையில் ஒன்றாக உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒரே மெயில் போதும். பாம்பன்காரி விஷயத்தில் ஒரே மெயில், ஹெச்.ஆர். மேடத்துக்கு ரிப்ளையாக. மேலே ஒரு வாக்கியம்: "களமேலாளர் சாருக்கும் இதைத் தெரிவித்தால் மகிழ்வேன்." இது கணக்கில் சேராது, கவர் மேல் எழுதுகிற முகவரி மாதிரி. மேடம் அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி, உங்கள் விண்ணப்பத்தோடு அது இருக்கும்.

கீழக்கரை வாசி

நான் முதலில் தவறாகப் படித்துவிட்டேன் போல. இப்போது புரிகிறது. ஆனால் வளைகுடா வேலைக்கு ஏஜென்ட் வழியாகப் போகிறவர்கள் இதைச் செய்ய முடியுமா என்று தெரியவில்லை. பேட்டி எடுக்க வருகிற கம்பெனிக்காரர் பெயரே நமக்குச் சொல்ல மாட்டார்கள். ஏஜென்டைத் தாண்டி மெயில் போட்டால் அவருக்குக் கோபம் வரும்.

முகவை மூத்தவர்

ஏஜென்டைத் தாண்ட வேண்டாம். அவருக்கே இரண்டு வரி அனுப்பி, கம்பெனிக்காரருக்குச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். சொல்வாரா என்பது உங்கள் ஏஜென்டைப் பொறுத்தது.

திருப்புல்லாணி தமிழாசிரியர்

மொழி பற்றி யாரும் பேசவில்லையே. அழைப்பு மெயில் எந்த மொழியில் வந்தது? நேர்காணல் எந்த மொழியில் நடந்தது?

பாம்பன்காரி

அழைப்பு ஆங்கிலத்தில் வந்தது சார். பேச்சு முழுக்கத் தமிழில். களமேலாளர் தூத்துக்குடிப் பக்கம் போல, பேச்சில் தெரிந்தது. ஹெச்.ஆர். மேடம் நடுநடுவே ஆங்கிலம் பேசினார்.

திருப்புல்லாணி தமிழாசிரியர்

பேசினது தமிழ் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். அந்த வேலையே பெண்கள் குழுவிடம் தமிழில் பேசுகிற வேலை. மிதவை, விதை, கயிறு என்று அவர் காதில் விழுந்த அதே சொல் கண்ணிலும் படட்டும்.

முகவை மூத்தவர்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மெயில் யாருக்குப் போகிறது? ஹெச்.ஆர். மேடத்துக்கு. அவர் ஆங்கிலத்தில் எழுதினார் என்றால் ஆங்கிலத்தில் பதில் போடுவதுதான் அலுவலக முறை. மேற்பார்வையாளர் வாராவாரம் அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கும், எழுத வருகிறதா என்றும் பார்ப்பார்கள்.

திருப்புல்லாணி தமிழாசிரியர்

அம்மா, அவருக்கு இயல்பாக வருகிற மொழியில் மூன்று வரி தெளிவாக இருக்கும். வராத மொழியில் மூன்று வரி எழுதி யாரிடமாவது திருத்தி வாங்கினால் அது அவர் குரலாகவே இருக்காது. அறிக்கை எழுதுவதை வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்க்கலாம்.

முகவை மூத்தவர்

அதையும் மறுக்க முடியாது. பாம்பன்காரி, முடிவு உங்களுடையது. ராத்திரி ரொம்ப நேரமாக்காதீர்கள். பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டால் காலை எட்டு மணிக்குப் போகிற மாதிரி நேரம் குறித்துவிடுங்கள், அந்த வசதி மெயிலிலேயே இருக்கிறது.

பாம்பன்காரி

அனுப்பிவிட்டேன். தமிழில்தான். ஒன்பது மணிக்குள் போய்விட்டது. கடைசியாக அனுப்பினது:

> வணக்கம் மேடம். களமேலாளர் சாருக்கும் இதைத் தெரிவித்தால் மகிழ்வேன்.
>
> இன்று மதியம் விதைப் பாசி பற்றி என்னிடம் விரிவாகப் பேசியதற்கு உங்கள் மூவருக்கும் நன்றி.
>
> நாலு மிதவைக்கு ஒன்று என்று ஒதுக்கும்போது அதில் ஒரு கயிறை வாரந்தோறும் எடை பார்த்து எழுதிவந்தால், வெயிலில் வளர்ச்சி குறைவது முன்பே தெரியும், கூடுதலாக ஒதுக்குவதைக் குழுவோடு அப்போதே முடிவு செய்யலாம்.
>
> வேறு விவரம் தேவைப்பட்டால் இந்த மெயிலிலும் விண்ணப்பத்தில் உள்ள எண்ணிலும் கிடைப்பேன்.

அம்மா சொன்ன திருத்தத்தில் ஒன்றைச் செய்ய முடியவில்லை. மேடத்துக்குப் போகிறதால் "களமேலாளர் சாருக்கும்" என்பதுதான் முதலில் நிற்கிறது, விதைப் பாசி இரண்டாவதாகத்தான் வருகிறது. தலைப்பில் ஏதாவது சேர்த்தால் ரிப்ளையாகப் போகாமல் தனி மெயிலாகப் பிரிந்துவிடுமோ என்று அப்படியே விட்டேன்.

முகவை மூத்தவர்

சரியாகச் செய்தீர்கள். பழைய மெயிலோடு சேர்ந்து போவதுதான் முக்கியம். மூவருக்கும் என்று சேர்த்ததும் நல்லது, எனக்குத் தோன்றவில்லை.

ஏர்வாடி உப்புக்காத்து

படித்துப் பார்த்தேன். இதில் கெஞ்சல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்ம பக்கத்துச் சின்னக் கம்பெனி முதலாளிக்கு இது புரியுமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். மெயிலே பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

முகவை மூத்தவர்

அது உண்மை. மெயில் பார்க்காத முதலாளியிடம் இது வேலை செய்யாது. அங்கே அறையிலிருந்து எழுந்திருக்கும்போதே அந்த ஒரு வரியை வாயால் சொல்லிவிட்டு வருவதுதான் வழி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பாம்பன்காரி நம்பிக்கை வைத்துக் காத்திருக்கக் கூடாது என்பதற்காக. இந்தக் குறிப்பு மதிப்பெண் குறைந்தவரை மேலே கொண்டுவராது. இரண்டு பேர் சரிசமமாக நிற்கும்போதுதான் யாராவது ஒருத்தர், "அந்தப் பொண்ணு இப்படி எழுதியிருக்கா" என்று எடுத்துச் சொல்வார். நான் அப்படிச் சொன்னதும் உண்டு, என் கூட இருந்தவர்கள் அதைக் கேட்காமல் போனதும் உண்டு.

பாம்பன்காரி

இரண்டு நாள் ஆகிவிட்டது. மேடத்திடமிருந்து "பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு வரி வந்தது. களமேலாளரிடமிருந்து எதுவும் இல்லை. பத்தாம் தேதிக்குள் சொல்கிறோம் என்று நேர்காணலில் சொல்லியிருந்தார்கள். நடுவில் இன்னொரு மெயில் போடலாமா?

தொண்டிக்கரை

போட்டுப் பாருங்க. எடை பார்த்த நோட்டை போட்டோ எடுத்து அனுப்பலாமே?

உச்சிப்புளி பாசிக்காரர்

நோட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே அவங்க. அம்மா குழுவில் ஒரு கயிறில் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வெயிலுக்கு முன்னால் அது உதவும்.

முகவை மூத்தவர்

இன்னொரு மெயில் வேண்டாம். பத்தாம் தேதி என்று அவர்களே சொன்னால் அதுவரை எதுவும் அனுப்பாதீர்கள். பத்து தாண்டி இரண்டு அலுவலக நாள் போகட்டும், பிறகு அலுவலக நம்பருக்கு ஒரே ஒரு போன், ஹெச்.ஆர். மேடத்திடம் மட்டும். அப்போது விதைப் பாசியை மறுபடி எடுக்காதீர்கள், அது ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது.

பாம்பன்காரி

சரிங்க அம்மா. கயிறு கட்டியாச்சு. சிவப்புத் துணி அடையாளம். நாளைக்குக் காலையில் முதல் எடை.